கிரீமுக்கு அடங்காத தோல் படை: எக்ஸிமா போலத் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோய்

திருவனந்தபுரம்: எக்ஸிமா அல்லது சொரியாசிஸ் எனக் கருதி ஆண்டுக்கணக்கில் கிரீம் பூசியும் குணமாகாத தோல் படை, சிலருக்கு 'மைக்கோசிஸ் ஃபங்காய்ட்ஸ்' என்னும் தோல் நிணநீர்ப் புற்றுநோயின் தொடக்க நிலையாக இருக்கக்கூடும்.

இது பூஞ்சைத் தொற்று அன்று, பிறருக்குப் பரவாது. பிரான்ஸ் மருத்துவர் அலிபெர் 1806-இல் இந்நோயை விவரித்தார். முற்றிய நிலையில் தோன்றும் கட்டிகள் காளானைப் போல இருந்ததால் இப்பெயர் ஏற்பட்டது. 'டி' வகை வெள்ளணுக்கள் கட்டுப்பாடின்றித் தோலில் பெருகுவதால் இந்நோய் உருவாகிறது.

அறிகுறிகள்

இடுப்பு, பிட்டம், தொடையின் மேற்பகுதி, மார்பகம் என வெயில் படாத இடங்களிலேயே படைகள் பெரும்பாலும் தோன்றுகின்றன. ஸ்டீராய்டு கிரீம் பூசினால் மங்கும்; நிறுத்தினால் மீண்டும் தோன்றும். கருநிறத் தோலில் சிவப்புக்குப் பதிலாக வெளிர் திட்டுகள் தோன்றுவதும் உண்டு. அவற்றைத் தொழுநோய் எனத் தவறாகக் கருத வாய்ப்புள்ளது. ஆனால், தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குறையும். இதில் பொதுவாகக் குறையாது.

முதல் பரிசோதனை போதாது

சிறிதளவு தோலை எடுத்துச் செய்யும் திசுப் பரிசோதனையே நோயை உறுதி செய்கிறது. தொடக்கத்தில் புற்றணுக்கள் குறைவாகவும், சாதாரண அழற்சி அணுக்கள் மிகுதியாகவும் இருப்பதால், முதல் அறிக்கை 'எக்ஸிமா' என்றே வரலாம். ஸ்டீராய்டு கிரீமும் புற்றணுக்களை மறைத்துவிடும். எனவே, மருத்துவர் ஆலோசனையுடன் கிரீமை 2 முதல் 4 வாரங்கள் நிறுத்திய பின், ஒன்றுக்கு மேற்பட்ட படைகளில் திசு எடுக்கப்படுகிறது. ஐயம் நீடித்தால் சில மாதங்கள் கழித்துப் பரிசோதனை மீண்டும் செய்யப்படுகிறது.

பரப்பளவைக் கணக்கிடுதல்

ஒருவரின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கை, அவரது தோல் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். எடுத்துக்காட்டாக, ஒருவரின் படைகள் அனைத்தும் சேர்ந்து 8 உள்ளங்கை அளவு இருந்து, கட்டியோ நிணநீர்க் கணு வீக்கமோ இரத்தத்தில் பாதிப்போ இல்லையெனில், அது '1ஏ' நிலை. 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் '1பி' நிலை.

'1ஏ' நிலையினர் பெரும்பாலும் இயல்பான ஆயுளுடன் வாழ்கின்றனர். இவர்களுக்குப் புற ஊதாக்கதிர் சிகிச்சையும் மேற்பூச்சு மருந்துகளுமே பெரும்பாலும் போதுமானவை. நோய் நீங்கினாலும் மீண்டும் வரக்கூடும். தொடர் கண்காணிப்பு தேவை.

தவறினால் என்ன ஆகும்?

சொரியாசிஸ் எனக் கருதி சைக்ளோஸ்போரின் போன்ற நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து கொடுத்தால், புற்றுநோய் வேகமாகப் பரவக்கூடும். ஆகவே, கிரீமுக்கு அடங்காத படைக்கு இத்தகைய மருந்தைத் தொடங்கும் முன் திசுப் பரிசோதனை செய்வது அவசியம்.

கன்னியாகுமரி மாவட்ட நோயாளிகளும் நாடிச் செல்லும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம், அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981 முதல் இயங்குகிறது. இத்தகைய மையத்துக்குச் செல்வோர், பழைய அறிக்கைகளுடன் திசு வைக்கப்பட்ட கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் கேட்டுப் பெற்று எடுத்துச் சென்றால், அவற்றை மறு ஆய்வு செய்ய இயலும்.