38ஆவது நிமிடத்தில் வரும் மூங்கில்

பிரான்சிஸ் புக்கானன் 1800–01இல் மைசூர், மலபார் பகுதிகளில் பயணம் செய்தபோது, இரும்பு உருக்குகிறவர்களின் வேலையையும் பதிவு செய்தார். 1807இல் வெளிவந்த அந்தப் பயண நூலில் கருமணல், கரி, துருத்தி, உலை எல்லாம் ஒழுங்காக வருகின்றன. உருக்கியவர்களும் அந்த ஒழுங்கில்தான் பேசியிருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான்.

ஜமுனாமரத்தூர் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றில் முறம் பின்னும் பெரியவரிடம் நான் எடுத்த பதிவு 47 நிமிடம் ஓடுகிறது. அவர் விளிம்பு கட்டுவதில்தான் ஆரம்பித்தார். "அதான் தம்பி அறுந்து போவுது" என்றார். மூங்கில் வெட்டுவது 38ஆவது நிமிடத்தில்தான் வந்தது. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

எழுத்தில் பெயர்த்தபின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே நிமிடத்தைக் குறித்தேன். பிறகு ஒவ்வொரு வேலையிடமும் ஒரே கேள்வி: இதுக்கு முன்னாடி எது தயாரா இருக்கணும்? விளிம்புக்குப் பின்னிய தட்டு வேண்டும், தட்டுக்குச் சீவிய பட்டை, பட்டைக்குப் பிளந்த மூங்கில். வரிசை பின்னாலிருந்து தானாகக் கூடியது.

சிக்கியது 'ஊறவைக்கிறது' என்ற சொல். 12ஆவது நிமிடத்தில் "ஈரம் போறதுக்குள்ள பிளந்துடணும்" என்கிறார். 22இல் "ஊறவெச்சா பூச்சி வராது." 29இல் "ஊறவெச்சிதான் பின்னணும்." முழு மூங்கிலை நாட்கணக்கில் தண்ணீரில் போட்டால், பூச்சி தின்கிற மாவுச்சத்து கரைந்து குறைகிறது. பின்னும்போது நனைப்பது, காய்ந்த பட்டை ஒடியாமல் வளைவதற்காக. ஒரே சொல், இரண்டு வேலை. அடுத்த முறை போய்க் கேட்டுத்தான் இரண்டையும் தனித்தனிப் படியாக வைத்தேன்.

"இப்படி" என்று அவர் சொன்ன இடங்களும் பதிவில் ஓட்டைதான். பிளவு நடுவை விட்டு ஒரு பக்கமாக ஓடினால் என்ன செய்வீங்க என்றதற்கு "இப்படி" என்றார். நேரில் பார்த்தால், தடித்த பக்கத்தை அதிகமாக வளைக்கிறார், பிளவு நடுவுக்குத் திரும்பிவிடுகிறது. கருவிப் பட்டியலில் நான் எழுதியிருந்தது கத்தி மட்டும். அவருடைய முழங்காலையும் சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு முனையை அதில் அண்டைகொடுத்துத்தான் வளைக்கிறார். அளவுகளைச் சாண், விரல் என்று அவர் சொன்னபடியே விட்டு, பக்கத்தில் சென்டிமீட்டரும் போட்டேன். சென்டிமீட்டரை மட்டும் எழுதினால், அவர் கை அளவுக்குத்தான் முறம் என்பது காணாமல் போய்விடும்.

பட்டியல் விளிம்போடு முடிந்திருக்கும். ஆனால் 41ஆவது நிமிடத்தில், தூரத்திலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்கிறது: "மெழுவாம சாமை நிக்குமா?" சாமை பொடித் தானியம், பின்னலின் சந்து வழியே கொட்டிவிடும். சாணத்தைக் கரைத்து, இரண்டு பக்கமும் பூசிக் காயவைப்பது அந்த அம்மா. பெரியவர் அதைச் சொல்லவே இல்லை, அது அவர் வேலை கிடையாது. கடைசிப் படியாக அதைச் சேர்த்தேன். பொருள்: சாணம், தண்ணீர். கருவி: கை. சொன்னவர் என்ற இடத்தில் அந்த அம்மாவைத்தான் குறித்திருக்கிறேன்.