மொய், சீர், கைமாத்து, நன்கொடை... சம்பளத்தில் எவ்வளவு ஒதுக்கலாம்? கணக்கு போடுவது எப்படி?

ஆவணி பிறந்தால் வீட்டில் பத்திரிகைகள் குவிந்துவிடும். ஒரே மாதத்தில் நாலு கல்யாணம், ஒரு காதணி விழா. அந்த மாதம் எஸ்.ஐ.பி கட்டப் பணம் இருக்காது. "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று நிறுத்தி வைப்பார்கள். பல வீடுகளில் சேமிப்பு உடைவது இந்த இடத்தில்தான்.

இந்தப் பழக்கத்தின் விலை என்ன? மாதம் 10,000 ரூபாய் சேமிப்பவர் ஆண்டுக்கு 3 மாதம் தவறவிட்டால் 30,000 ரூபாய் குறையும். ஆண்டுக்கு 8% வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், 10 ஆண்டுகளில் அது சுமார் 4.3 லட்சம் ரூபாய். அதற்காக சொந்தபந்தத்துக்குச் செய்யாமல் இருக்க முடியுமா? முடியாது. அதனால் அந்தச் செலவையும் வாடகை, இ.எம்.ஐ போல முன்கூட்டியே ஒதுக்கிவிடுவதுதான் வழி.

மொய் என்பது தர்மமா?

இல்லை. மொய் என்பது பெரும்பாலும் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். புதுக்கோட்டை, பேராவூரணி பக்கம் நடக்கும் மொய் விருந்தில் இது வெளிப்படையாகவே தெரியும். அங்கே நோட்டில் எழுதிய தொகையை, கூடக் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்வது வழக்கம். மற்ற ஊர்களில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அதனால் முதலில் எடுக்க வேண்டியது வீட்டில் உள்ள மொய் நோட்டு. யார் எவ்வளவு செய்தார்கள், அவர்கள் வீட்டில் கல்யாண வயதில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாலே, அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்கான செலவு ஓரளவு தெரிந்துவிடும். தாய்மாமன் சீர் எப்போது வரும் என்பதும் குழந்தை பிறந்த அன்றே தெரிந்த விஷயம்தானே!

ஒரு கணக்கு

மதுரையில் ஒருவர் மாதம் 50,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 8%, அதாவது 4,000 ரூபாயைச் சம்பளம் வந்த அன்றே தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுகிறார். ஆண்டுக்கு 48,000 ரூபாய்.

இதில் 12 விசேஷங்களுக்குச் சராசரியாக 1,000 ரூபாய் வீதம் மொய் 12,000. அக்கா மகளின் காது குத்துக்குச் சீர் 12,000. தனியாக இருக்கும் சித்தியின் மருந்துக்கு மாதம் 1,000 வீதம் 12,000. ஒரு முதியோர் இல்லத்துக்கு மாதம் 500 வீதம் 6,000. மீதி 6,000 ரூபாய், திடீரென்று யாராவது கேட்டால் கொடுக்க. பெற்றோருக்கு மாதாமாதம் அனுப்பும் பணம் இதில் சேராது, அது வீட்டுச் செலவு.

8% என்பது சட்டம் இல்லை. கடன் அதிகம் உள்ளவருக்கு 4 சதவீதமே பெரிசு. ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது என்பதால் இந்தக் கணக்கில் பணம் சேர்ந்து நிற்கும். "சும்மாதானே கிடக்கு" என்று எடுத்தால், ஆவணியிலும் தையிலும் கை வைப்பது மறுபடி சேமிப்பில்தான். சீர் செய்ய நகையை அடகு வைக்கும் நிலை வந்தால், ஒதுக்கியது போதவில்லை அல்லது சக்திக்கு மீறிச் செய்கிறோம் என்று அர்த்தம்.

கைமாத்து கேட்டால்?

திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்ற தொகையை மட்டும் கொடுப்பது நல்லது. மேலே சொன்னவரிடம் தம்பி முறை உள்ளவர் ஒரு லட்சம் கேட்டால், அந்தக் கணக்கில் இருப்பது 6,000. "இப்ப என்னால இவ்வளவுதான் முடியும், திருப்பித் தர வேண்டாம்" என்று அதைக் கொடுத்துவிடலாம். மனஸ்தாபம் வரலாம்தான். ஆனால் ஒரு லட்சத்தைக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பதில் வருவதைவிட அது குறைவு.

வரி விஷயம் என்ன?

உறவினருக்குக் கொடுப்பதற்கு வரிச் சலுகை கிடையாது. நன்கொடைக்குக் கிடைக்கும் வரிச் சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். அதிலும் அங்கீகாரம் பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தத் தொகைக்குச் சலுகை இல்லை, அதனால் வங்கி வழியாக அனுப்பி ரசீது வாங்குவது நல்லது.

ஜாமீன் கையெழுத்து

பணமே கொடுக்காமல் செய்யும் உதவி போலத் தெரிவது இது. ஆனால் இதில்தான் ஆபத்து அதிகம். வங்கிக் கடனுக்கு ஜாமீன் போட்டவரின் பொறுப்பு, கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். மாமா மகன் 5 லட்சம் வாங்கிக் கட்டாமல் விட்டால், வங்கி அந்தத் தொகையை ஜாமீன்தாரரிடம் கேட்கலாம். அவரது கிரெடிட் ஸ்கோரும் அடிவாங்கலாம், பிறகு அவர் வீட்டுக் கடன் கேட்கும்போது சிக்கல் வரும். மாதம் 4,000 ஒதுக்கும் கணக்கில் இந்த 5 லட்சத்துக்கு இடமே இல்லை.