ஐஐடி, என்ஐடி-யில் பிராஞ்ச் மாற்றம்: 9.2 சிஜிபிஏ இருந்தும் சீட் கிடைக்காமல் போவது ஏன்?

"கிடைச்ச பிராஞ்ச்ல சேர்ந்துடு, ஃபர்ஸ்ட் இயர்ல நல்லா மார்க் எடுத்து கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறிக்கலாம்." கவுன்சலிங் நேரத்தில் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. ஐஐடி, என்ஐடி போன்ற கல்வி நிறுவனங்களில் இதற்கு வழி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் நல்ல மார்க் எடுத்தால் மட்டும் போதுமா? போதாது. நல்ல மார்க் எடுத்தவருக்குக் கூட இடம் கிடைக்காமல் போகும். அதற்குக் காரணம் பலருக்கும் தெரியாத ஒரு விதி.

எப்போது விண்ணப்பிக்க முடியும்?

பெரும்பாலும் ஒரே ஒரு வாய்ப்புதான். இரண்டாவது செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகு, மூன்றாவது செமஸ்டர் தொடங்குவதற்கு முன் கோடை விடுமுறையில் விண்ணப்பம் பெறுவார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. இரண்டாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு துறையின் பாடங்களும் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

முதல் இரண்டு செமஸ்டரிலும் எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். ஒரு அரியர் இருந்தாலும் பொதுவாக வாய்ப்பு போய்விடும். குறைந்தபட்ச சிஜிபிஏ எவ்வளவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. முதல் செமஸ்டரில் 8.0 எடுத்த ஒருவர் இரண்டாவது செமஸ்டரில் முழுதாக 10 எடுத்தாலும், இரண்டிலும் கிரெடிட் சமமாக இருந்தால் அவருடைய சிஜிபிஏ 9.0-தான். ஹாஸ்டல், புது ஊர், புது மொழி என்று பழகிக்கொள்வதற்குள் முடிந்துவிடும் அந்த முதல் செமஸ்டரிலேயே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது.

சீட் வரம்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

இரண்டு வரம்புகள் உண்டு. ஒன்று, மாணவர் போக விரும்பும் துறைக்கான மேல் வரம்பு. அனுமதிக்கப்பட்ட இடங்களைவிட இத்தனை சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வைத்திருப்பார்கள். இது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான்.

இன்னொன்று, மாணவர் விட்டு வரும் துறைக்கான கீழ் வரம்பு. ஒரு துறையிலிருந்து எல்லோரும் கிளம்பிவிட்டால் அங்கே வகுப்பு நடத்த ஆளிருக்காது. அதனால் இப்போது படிக்கும் எண்ணிக்கை குறிப்பிட்ட சதவீதத்துக்குக் கீழே இறங்கக்கூடாது என்று விதி. பல பேரை மாட்டிவிடுவது இந்தக் கீழ் வரம்புதான். வகுப்பு சின்னதாக இருந்தால் அடி இன்னும் பலமாக விழும்.

ஓர் உதாரணம் பார்ப்போம்

ஒரு கல்வி நிறுவனத்தில் மேல் வரம்பு 110 சதவீதம், கீழ் வரம்பு 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் சயின்ஸில் அனுமதிக்கப்பட்ட இடம் 60. அதிகபட்சம் 66 பேர் வரை போகலாம். இப்போது 64 பேர் படிக்கிறார்கள் என்றால் காலி இடம் இரண்டு. மெட்டலர்ஜி துறையில் 20 பேர் இருக்கிறார்கள். அங்கே 17 பேருக்குக் கீழே குறையக்கூடாது. அதாவது மூன்று பேர் மட்டுமே வெளியே போகலாம்.

விண்ணப்பங்களை சிஜிபிஏ வரிசையில் எடுக்கிறார்கள். மெட்டலர்ஜியில் 9.6 எடுத்தவர் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் போகிறார். அதே துறையின் 9.4, 9.3 எடுத்த இருவர் எலக்ட்ரிக்கலுக்குப் போகிறார்கள். மெட்டலர்ஜி 17-க்கு வந்துவிட்டது. அடுத்து அதே துறையில் 9.2 எடுத்த மாணவி. அவர் கேட்கும் கம்ப்யூட்டர் சயின்ஸில் இன்னும் ஒரு இடம் காலியாக இருக்கிறது. ஆனால் அவர் கிளம்பினால் மெட்டலர்ஜி 16 ஆகிவிடும். அதனால் அவரது விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது.

அடுத்து சிவில் துறையிலிருந்து 9.0 எடுத்த மாணவர் வருகிறார். சிவிலில் ஆள் குறையும் பிரச்சினை இல்லை. அப்போ அந்தக் காலி இடம் அவருக்குத்தானே? இங்கேதான் நிறுவனங்களின் விதிகள் வேறுபடுகின்றன. சில இடங்களில் அவருக்குக் கொடுத்துவிடுவார்கள். வேறு சில இடங்களில், அதிக சிஜிபிஏ உள்ள ஒருவருக்கு மறுக்கப்பட்ட துறையை அவரைவிடக் குறைந்தவருக்குக் கொடுக்க மாட்டார்கள். இரண்டாவது விதிதான் நியாயமானதாகத் தெரிகிறது, ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. சிவில் மாணவரும் காத்திருக்கிறார், இடமும் காலியாக இருக்கிறது.

கடைசியில் கெமிக்கல் துறையின் 8.8 எடுத்த மாணவர் மெட்டலர்ஜிக்கு மாற விரும்புகிறார். அவர் வந்ததும் மெட்டலர்ஜி 18 ஆகிறது. உடனே நிறுத்தி வைத்த விண்ணப்பங்களை மேலிருந்து மறுபடி பார்க்க வேண்டும். இப்போது 9.2 எடுத்த மாணவிக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கிறது. மெட்டலர்ஜி 17, கம்ப்யூட்டர் சயின்ஸ் 66. சிவில் மாணவருக்கு இடம் முடிந்துவிட்டது.

அந்த 8.8 மாணவர் தன் படிவத்தில் மெட்டலர்ஜி என்று எழுதாமல் விட்டிருந்தால்? 9.2, 9.0 இருவருக்குமே கிடைத்திருக்காது. அந்த சீட் காலியாகவே கிடந்திருக்கும்.

போன வருட கட்-ஆஃபை நம்பலாமா?

ஓரளவுக்குத்தான். "போன வருஷம் 8.9-க்கே கிடைச்சுது" என்று சீனியர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த எண் முன்கூட்டி அறிவித்த கட்-ஆஃப் இல்லை. கடைசியாக இடம் பிடித்தவரின் சிஜிபிஏ மட்டுமே. அவர் எந்தத் துறையிலிருந்து வந்தார் என்று கேட்காமல் அந்த எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பெரிய வகுப்பிலிருந்து வந்த 8.9-உம் சின்ன வகுப்பிலிருந்து வரும் 8.9-உம் ஒன்றல்ல.

படிவம் நிரப்பும்போது கவனிக்க வேண்டியது

விருப்ப வரிசையில் எழுதிய துறை ஒதுக்கப்பட்டுவிட்டால் பொதுவாகப் பழைய துறைக்குத் திரும்ப முடியாது. "சும்மா போட்டு வைப்போம்" என்று மூன்றாவது, நான்காவது விருப்பத்தை எழுதி, அதுவே கிடைத்துவிட்டால் அதில்தான் படிக்க வேண்டும். இப்போதைய துறையைவிட உண்மையிலேயே அதிகம் விரும்பும் துறைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. புதிய துறையில் முதல் ஆண்டிலேயே நடத்திய பாடம் ஏதாவது விடுபட்டிருந்தால், அதைப் பின்னர் கூடுதலாகப் படித்து முடிக்க வேண்டி வரும்.

சேருவதற்கு முன்பே என்ன பார்க்க வேண்டும்?

சில ஐஐடிகள் இந்த வசதியையே நிறுத்திவிட்டன. முதல் ஆண்டிலேயே மாணவர்கள் மீது ஏறும் மன அழுத்தம் இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அதனால் சேரும் ஆண்டுக்கு எந்த விதிமுறை பொருந்தும் என்பதை அந்த நிறுவனத்தின் இளநிலைப் பட்ட விதிமுறை ஆவணத்தில் நேரடியாகப் பார்க்க வேண்டும். சீனியர் பேட்ச்சுக்கு இருந்த வசதி புதிய பேட்ச்சுக்கு இல்லாமல் போகலாம்.

ஜோசா கவுன்சலிங்கில் 'ஸ்லைடு' என்ற தேர்வு இருக்கிறது. கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டே, அதே நிறுவனத்தில் தன் பட்டியலில் மேலே உள்ள பிராஞ்ச் காலியானால் தரும்படி கேட்பது அது. ரேங்க் மட்டும்தான் அங்கே கணக்கு, கீழ் வரம்புச் சிக்கல் கிடையாது. பிராஞ்ச்தான் முக்கியம் என்பவர்கள் 'ஃப்ரீஸ்' கொடுப்பதற்கு முன் இதை யோசிக்கலாம்.

மாற்றம் கிடைக்காதவர்களுக்கு மைனர் படிப்பு ஒரு வழி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் 18 கூடுதல் கிரெடிட் முடித்தால் மைனர் பெற முடியும். ஐஐடி-களிலும் மைனர் உண்டு. ஆனால் முதன்மைப் பட்டம் பழைய துறையின் பெயரில்தான் இருக்கும்.