விதைப் பையில் உள்ள நாலு வரி



இப்போதெல்லாம் விதைப் பையைக் கைப்பேசியில் படம் பிடித்து, "இதை எப்படி ஊன்றுறது, பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் படத்திலிருந்து நாம் எடுக்க வேண்டியது நாலு விஷயம்: ஊன்றும் ஆழம், இடைவெளி, பருவம், அறுவடைக்கு எத்தனை நாள். இந்த நாலும் பையில் எப்படி வந்து ஏறின என்று தெரிந்தால், எதை எவ்வளவு நம்பலாம் என்பதும் விளங்கும்.

வெண்டை முற்றிக் காய்ந்ததும் காயோடு கட்டித் தொங்கவிட்டு, அடுத்த பட்டத்துக்கு எடுத்து ஊன்றினோமே, அந்த விதைக்கு எழுத்து எதற்கு? வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். விதை தூரத்திலிருந்து வர ஆரம்பித்த பிறகுதான் பை பேச வேண்டி வந்தது. அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷேக்கர்கள் என்ற சமயக் குழுவினர் காய்கறி விதையைச் சிறு காகிதப் பைகளில் அடைத்து ஊர் ஊராக விற்றார்கள். வாங்குகிறவருக்கு விதை புதிது, விற்கிறவர் பக்கத்தில் இல்லை. அதனால் 1830-களில் தோட்டக் கையேடும் அச்சிட்டு விற்றார்கள். பைக்குப் பின்னால் வரும் யோசனைக்கு அதுபோன்ற கையேடுகள் முன்னோடி.

நம் நாட்டில் விதைச் சட்டம் 1966-இலும், அதன் விதிகள் 1968-இலும் வந்தன. அவை சீட்டில் கேட்டவை வேறு: ரகம், லாட் நம்பர், முளைப்புத் திறன், சுத்தம், பரிசோதனை செய்த தேதி, காலாவதி தேதி போன்றவை. ஆழமும் இடைவெளியும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, பையில் இரண்டு வகை எழுத்து இருக்கிறது. ஒன்று சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் தரும் உறுதி. மற்றது விற்பவர் சொல்லும் யோசனை. நம்முடைய நாலு வரியும் இரண்டாவது வகை. அதை நம் மண்ணுக்கும் மழைக்கும் பொருத்திப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு வெண்டைப் பையின் படத்தைப் பார்ப்போம். ஆழம் 2 செ.மீ., இடைவெளி 60 x 30 செ.மீ., பருவம் காரீப், முதல் அறுவடை 45 முதல் 50 நாள் என்று இருக்கிறது.

முதலில் ஆழம். படம் மங்கலாக இருந்தால் புள்ளி மறைந்து, 1.5 என்பது 15 ஆகத் தெரியும். விதையின் கனத்தைப் போல் இரண்டு, மூன்று மடங்குதான் ஆழம் என்று நினைவில் வைத்தால் ஏமாற மாட்டீர்கள். வெண்டைக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும்.

இடைவெளியில் பெரிய எண் பாருக்குப் பார், சின்ன எண் செடிக்குச் செடி. இந்தக் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 22,500 குழி வரும். ஒரு குழிக்கு எத்தனை விதை என்பதை முளைப்புத் திறன்தான் சொல்லும். அந்தச் சட்டத்தின் கீழ் வெண்டைக்கு வகுத்த குறைந்தபட்ச அளவு 65 சதவீதம். குழிக்கு ஒரு விதை போட்டால் நூறு குழியில் 35 காலியாகலாம். இரண்டு போட்டால் 12 அளவில்தான் காலியாகும். ஆகவே விதைச் சீட்டையும் சேர்த்துப் படம் பிடியுங்கள்.

பருவம்தான் அதிகம் குழப்பும். காரீப், ராபி இரண்டும் அரபுச் சொற்கள். காரீப் என்றால் இலையுதிர் காலம், ராபி என்றால் வசந்தம். மொகலாயர் காலத்து நிலவரி அறுவடையை ஒட்டி வசூலானதால், இவை விதைக்கும் காலத்தின் பெயரல்ல, அறுக்கும் காலத்தின் பெயர். வடக்கே ஆனி, ஆடியில் மழை பிடித்ததும் விதைப்பது காரீப். நம்மில் பல மாவட்டங்களுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் அல்லவா? காரீப் என்று போட்டிருந்தால், ஆடியில் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஊன்ற வேண்டும்.

கடைசியாக நாள் கணக்கு. வெண்டை நேரே ஊன்றுகிற பயிர், அதனால் ஊன்றிய நாளிலிருந்து எண்ணலாம். ஆடி முதல் தேதி ஊன்றினால் ஆவணி நடுவில் முதல் காய் பறிக்கலாம். கத்தரி, தக்காளிப் பையில் பெரும்பாலும் நாற்றை நட்ட நாளிலிருந்து எண்ணியிருப்பார்கள். நாற்றங்காலில் நிற்கும் நாலைந்து வாரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இதைக் கவனிக்காமல் சந்தைக்கு நாள் குறித்தால் ஒரு மாதம் பிசகிவிடும்.

பையின் இரண்டு பக்கத்தையும், சீட்டையும், மடிப்பு விரித்து வெளிச்சத்தில் படம் பிடித்து வையுங்கள். முளைப்பு மோசமாக இருந்து விதை ஆய்வாளரிடம் போக நேர்ந்தால், லாட் நம்பரும் தேதியும்தான் கேட்பார்கள். படத்தோடு பையையும் ரசீதையும் அறுவடை வரை பத்திரமாக வைத்திருங்கள்.