கே.ஓ.டி. குறுக்கங்களின் மொழியாக்கம்

சப்ளையர் எடுக்கும் ஆர்டரை அடுப்படிக்குக் கொண்டுசெல்லும் சீட்டுதான் கே.ஓ.டி. சென்னை உணவகங்கள் பலவற்றில் அதை எழுதுபவர் தமிழர். படிப்பவர் பீகாரிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்தவர். இருவருக்கும் ஆங்கில எழுத்து ஓரளவு தெரியும் என்பதால் குறுக்கங்கள் பொதுமொழி போலத் தோன்றும். ஆனால் `2 MD SP NO` என்ற சீட்டைப் பாருங்கள். எழுதியவர் நினைத்தது வெங்காயமில்லாத ஸ்பெஷல் மசால் தோசை இரண்டு. `SP` என்பதைக் காரம் என்றும், `NO` என்பதை எண்ணிக்கை என்றும் மாஸ்டர் எடுத்துக்கொண்டால், தோசை காரமாக, வெங்காயத்தோடு வரும். எனவே மொழிபெயர்க்க வேண்டியது எழுத்தை அல்ல, செய்யவேண்டிய வேலையை. `MD` போன்ற பண்டப்பெயர்கள் யாருக்கும் பழகிவிடும். அவற்றைத் தொட வேண்டியதில்லை. மாற்றச் சொல்லும் குறிப்புகளை, குறிப்பாக "வேண்டாம்" என்பதை, குறுக்காமல் சமைப்பவருக்குப் புரியும் மொழியில் தனிவரியில் எழுதவேண்டும்: `PYAZ NAHI`.

இதனால் சீட்டு நீளும், நெரிசல் நேரத்தில் தாமதமாகும் என்பார்கள். கையால் எழுதும் இடத்தில் அது உண்மையே. பில்லிங் கருவியிலோ சப்ளையர் "வெங்காயம் வேண்டாம்" பொத்தானை ஒருமுறை தொட்டால் போதும். சீட்டில் அது ஆங்கில எழுத்தில் இந்திச் சொற்களாக அச்சாகலாம். இந்தி எழுத்திலேயே அச்சிடலாமே என்றால், பல மலிவான அச்சுக்கருவிகளில் அந்த எழுத்துரு இருக்காது; வங்காளி மாஸ்டருக்கு அந்த எழுத்து தெரியாமலும் போகலாம். வேர்க்கடலை ஒவ்வாமை போன்றவற்றுக்குச் சீட்டு மட்டும் போதாது. மாஸ்டர் வாய்விட்டுத் திருப்பிச் சொன்ன பிறகே வாணலி அடுப்பேற வேண்டும்.