நீண்ட பயணத்துக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கினால் டாக்டர்கள் ஏன் பயப்படுகிறார்கள்?

ஜொகூர் பாருவில் இரவு பஸ் ஏறி, பல மணி நேரம் உட்கார்ந்தே லெம்பா பெர்த்தாம் வந்து சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரெண்டு பாதமும் லேசாக வீங்கியிருந்தால், பெரும்பாலும் நடந்தால் வடிந்துவிடும். ஆனால் இரண்டு நாள் கழித்து இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டாலே வலித்தால் கதை வேறு.

காலில் இருந்து ரத்தத்தை மேலே தள்ள உதவுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கி, ஆழத்திலுள்ள சிரைகளைப் பிழிகிறது. அசையாமல் உட்கார்ந்தால் ரத்தம் தேங்கி உறையலாம். இது விமானப் பயணிகளுக்கு மட்டும் வருவதில்லை. 1940இல் லண்டன் பதுங்குமிடங்களில் இரவெல்லாம் நாற்காலியில் கிடந்தவர்களிடையே இத்தகைய மரணங்கள் கூடியதை மருத்துவர் கீத் சிம்ப்சன் பதிவு செய்தார்.

உயிரை எடுப்பது காலில் இருக்கும் கட்டி அல்ல. அதிலிருந்து ஒரு துண்டு பிரிந்து, இதயம் வழியாகப் போய் நுரையீரல் தமனியை அடைப்பதுதான். அதனால் தைலம் போட்டு உருவ வேண்டாம், பாட்டி சொன்னாலும் சரி. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 999.

வீக்கம் மட்டும் என்றாலும் அன்றே தானா ராத்தா மருத்துவமனைக்குப் போங்கள். தசைப்பிடிப்பும் இதே மாதிரி வலிக்கும் என்பதால், டாக்டர் இரு கால்களையும் டேப்பால் அளப்பார். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். அல்ட்ராசவுண்டில் சிரையை அழுத்தினால், நல்ல சிரை நசுங்கும். கட்டி உள்ளது நசுங்காது. உறுதியானால், வழக்கமாகக் குறைந்தது 3 மாதம் மருந்து. அது கட்டியை வளரவிடாது. கரைக்கும் வேலையை உடம்பே மெல்லச் செய்யும்.