உச்சப்பதிவுகளின் எதிர்பார்ப்பு எண்ணிக்கை

ஒன்றன்பின் ஒன்றாக வரும் அளவீடுகளில், தனக்கு முன் வந்த எல்லாவற்றையும் விஞ்சும் பெறுமானம் உச்சப்பதிவு எனப்படும். முதல் அளவீட்டுக்கு முன் எதுவும் இல்லாததால் அதுவும் உச்சப்பதிவாகவே எண்ணப்படும். வெவ்வேறான n பெறுமானங்கள் எழுமாற்றாக வரிசைப்பட்டால் சராசரியாக எத்தனை உச்சப்பதிவுகள் கிடைக்கும் என்பது நிகழ்தகவியலின் பழைய கேள்விகளில் ஒன்று. விடை பலரும் நினைப்பதைவிட மிகச் சிறியது.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மழை அளக்கப்பட்டு வருகிறது. அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரிமழை. நவம்பர் மாதத்து மொத்த மழைவீழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். காலநிலை மாறாமல், ஓர் ஆண்டின் மழை இன்னோர் ஆண்டின் மழையைப் பாதிக்காமல் இருந்தால், நூறு நவம்பர்களில் “இதுவரை இப்படிப் பெய்ததில்லை” என்று சொல்லக்கூடியவை, முதல் ஆண்டையும் சேர்த்து, சராசரியாக 5.19 மட்டுமே.

இதைப் பெறும் வழி எளிது. பத்தாவது நவம்பர் உச்சப்பதிவாக வேண்டுமானால் முதல் பத்து நவம்பர்களிலும் பெரியது கடைசியாக வந்திருக்க வேண்டும். பத்தில் பெரியது எந்த இடத்தில் வரவும் ஒரே வாய்ப்புத்தான். ஆகவே நிகழ்தகவு 1/10. இதுபோலவே k-ஆவது ஆண்டுக்கு 1/k. இவற்றைக் கூட்டினால் எதிர்பார்ப்பு எண்ணிக்கை வந்துவிடும்:

H_n = 1 + 1/2 + 1/3 + … + 1/n

மூன்று நவம்பர்களை வைத்துச் சரிபார்க்கலாம். சிறுமழை, நடுமழை, பெருமழை என்ற மூன்றும் ஆறு விதமாக வரிசைப்படும். சிறிது, நடு, பெரிது என ஏறுமுகமாக வந்தால் மூன்று உச்சப்பதிவுகள். பெருமழை முதலிலேயே வரும் இரண்டு வரிசைகளிலும் தலைக்கு ஒன்று. எஞ்சிய மூன்று வரிசைகளிலும் தலைக்கு இரண்டு. மொத்தம் 11. அதை ஆறால் வகுத்தால் 11/6. ஒன்று, அரை, மூன்றிலொன்று ஆகியவற்றின் கூட்டுத்தொகையும் அதுவே. ஒரு பதிவுள்ள வரிசைகள் 2, இரு பதிவுள்ளவை 3, மூன்று பதிவுள்ளது 1 என்ற இந்த எண்களே ஜேம்ஸ் ஸ்டேர்லிங் 1730-இல் வெளியிட்ட நூலிலுள்ள எண் குடும்பத்தைச் சேர்ந்தவை.

H_n தொடர் முடிவின்றி வளரும் என்பதை 14-ஆம் நூற்றாண்டிலேயே நிக்கோல் ஓரெம் நிறுவிவிட்டார். ஆனால் அது மிக மெல்ல வளர்கிறது. 10 ஆண்டுகளுக்கு 2.93, 100-க்கு 5.19, 1,000-க்கு 7.49. n-இன் இயற்கை மடக்கையோடு ஒய்லர் மாறிலியான 0.577-ஐக் கூட்டினால் ஏறத்தாழ இதே விடை கிடைக்கும்.

இந்தக் கணக்கில் மில்லிமீற்றர் எங்குமே வரவில்லை என்பதுதான் இதன் உயிர்நாடி. 1964 டிசம்பரில் இலங்கையின் வட பகுதியைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த புயலைப் போன்ற ஒன்று, ஒரு மாதத்தின் மழையைப் பலமடங்கு ஆக்கலாம். சாதாரண மாரியின் மழையும் புயல் மழையும் முற்றிலும் வேறான பரம்பலைக் கொண்டவை. ஆனால் உச்சப்பதிவை எண்ணும்போது, எது எதைவிடப் பெரியது என்பது மட்டுமே கேள்வி. எவ்வளவு பெரியது என்பது கணக்கில் சேராது. புயல் ஓர் ஆண்டை எட்டாத உயரத்துக்கு ஏற்றினாலும், அந்த உயரம் எந்த ஆண்டில் விழும் என்பது எழுமாற்றாக இருக்கும்வரை சராசரி மாறாது.

உச்சப்பதிவுகளைத் தனித்துறையாக ஆராயும் வழக்கம் 1952-இல் கே. என். சான்ட்லர் எழுதிய கட்டுரையோடு தொடங்கியது. அவர் காத்திருப்புக் காலத்தைக் கவனித்தார். முதல் ஆண்டின் பெறுமானம் n ஆண்டுகள் கழிந்த பின்னும் முறியடிக்கப்படாமல் இருக்க நிகழ்தகவு 1/n. இதிலிருந்து, அடுத்த உச்சப்பதிவுக்காகக் காத்திருக்கும் சராசரிக் காலம் முடிவிலி என்றாகிறது. கேட்க நம்பமுடியாததாக இருந்தாலும் கணக்கில் பிழையில்லை. உச்சப்பதிவு நிச்சயம் ஒருநாள் முறியும். ஆனால் மிக நீண்டு நிற்கும் அரிய நேர்வுகள் சராசரியைக் கட்டுமீறி இழுத்துவிடுகின்றன. ஐம்பதாவது ஆண்டு முடிவில் நிற்கும் பதிவு நூறாவது ஆண்டு முடிவிலும் நிற்க வாய்ப்பு 50/100, அதாவது சரிபாதி.

ஹங்கேரியக் கணிதவியலாளர் அல்ஃப்ரெட் ரெனி 1962-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பண்பை முன்னிறுத்தியது: வெவ்வேறு ஆண்டுகளில் உச்சப்பதிவு நேர்வது ஒன்றையொன்று சாராது. பத்தாவது ஆண்டு முந்தியவற்றை விஞ்சியதா என்ற தகவல், முதல் ஒன்பதும் தமக்குள் எப்படி வரிசைப்பட்டன என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இதனால் நியம விலகலையும் எளிதாகக் கணிக்கலாம். நூறு ஆண்டுகளுக்கு அது ஏறத்தாழ 1.9. எனவே மூன்று உச்சப்பதிவுகள் வந்தாலும் எட்டு வந்தாலும் வியப்பதற்கில்லை. பின்வந்த முடிவுகளையெல்லாம் ஒரே நூலில் தொகுத்தவர்கள் ஆர்னோல்ட், பாலகிருஷ்ணன், நாகராஜா ஆகிய மூவர் (1998). அவர்களுள் என். பாலகிருஷ்ணன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர்.

நடைமுறைக்கு மிகவும் பயன்பட்டது எஃப். ஜி. ஃபொஸ்டரும் ஏ. ஸ்டூவர்ட்டும் 1954-இல் முன்வைத்த சோதனை. திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெப்பம் உச்சத்தைத் தொடும். ஒவ்வோர் ஆண்டின் மிக வெப்பமான நாளின் வெப்பநிலையை வரிசையாக எழுதி, முதல் ஆண்டை விட்டுவிட்டு, உச்சப்பதிவுகளையும் தாழ்பதிவுகளையும் எண்ண வேண்டும். மாற்றமில்லாத காலநிலையில் நூறு ஆண்டுகளுக்கு ஒவ்வொன்றும் சராசரியாக 4.19. இரண்டின் வித்தியாசம் சராசரியாகப் பூச்சியம். அதன் நியம விலகல் 2.9. எண்ணிப் பார்த்ததில் உச்சங்கள் 9, தாழ்வுகள் 1 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 8, அதாவது நியம விலகலின் இரண்டே முக்கால் மடங்கு. தற்செயலாக இது நேர்வது அரிது. அதே பட்டியலைக் கடைசி ஆண்டிலிருந்து பின்னோக்கி வாசித்தும் எண்ணலாம். வெப்பம் உண்மையிலேயே ஏறிவந்திருந்தால் பின்னோக்கிய வாசிப்பில் தாழ்பதிவுகள் மிகும். ஐக்கிய அமெரிக்காவில் 2000-களின் முதற் பத்தாண்டில் நாளாந்த வெப்ப உச்சப்பதிவுகள் குளிர்ப் பதிவுகளைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தன என்று 2009-இல் வெளியான ஆய்வு இந்த வகை எண்ணிக்கையைக் கொண்டே காட்டியது.

சோதனையில் தேறாதது எல்லாம் காலநிலை மாற்றம் ஆகிவிடாது. கருவி வேறிடத்துக்கு நகர்த்தப்பட்டாலும், பக்கத்தில் கட்டடம் எழுந்தாலும் இதே தடயம் விழும். நிலையத்தின் வரலாற்றைப் பார்க்காமல் காரணம் சொல்லக்கூடாது. நாள் மழைக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. மழையில்லா நாள்களின் பூச்சியங்கள் ஒன்றுக்கொன்று சமமாக நிற்பதால் “வெவ்வேறான பெறுமானங்கள்” என்ற நிபந்தனை உடைகிறது. அடுத்தடுத்த நாள்களின் வெப்பநிலையும் ஒன்றையொன்று சார்ந்தது. ஆகவே தொடர்ந்த நாள்களை ஒரே வரிசையாக்காமல், ஆண்டுக்கு ஒன்றாக எடுப்பதே முறை.

பத்திரிகைச் செய்தி ஒன்றை எடைபோடவும் இக்கணக்கு உதவும். 150 ஆண்டுப் பதிவுள்ள நிலையத்தில் ஒரு குறிப்பிட்ட திகதி தன் வெப்ப உச்சத்தை இவ்வாண்டு முறியடிக்க வாய்ப்பு 1/150. ஆனால் ஆண்டில் 365 திகதிகள் உண்டு. எனவே எதுவுமே மாறாத காலநிலையிலும் அந்த ஒரு நிலையத்தில் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 திகதிகள் “இந்நாளில் இதுவரை இல்லாத வெப்பம்” என்ற தலைப்பைப் பெறும். அந்த எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏழு, எட்டு என்று வரத் தொடங்கினால்தான் விளக்கம் தேடவேண்டும்.